தம்ளரில் விழும் சர்பத்: பிளெண்டரில் எத்தனை கட்டம் போதும்?

கோடை வந்தால் குளிர்பான விளம்பரங்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். கண்ணாடித் தம்ளருக்குள் பானம் நூலாக இறங்கி, அடியில் மோதிச் சுழன்று, மெல்ல மேலேறி நிறையும். இதைக் கேமரா வைத்து எடுப்பவர்களும் உண்டு, ஒரு சொட்டுத் திரவமும் இல்லாமல் கணினியில் உருவாக்குகிறவர்களும் உண்டு. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் வீட்டுக் கணினியிலேயே இதைச் செய்துவிடலாம். அதற்கு அழுத்த வேண்டிய பொத்தான்களும் அதிகமில்லை. ஆனால் புதிதாக முயல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். அந்த இடத்தின் பெயர் Resolution Divisions.

மென்பொருள் அதில் 32 என்ற எண்ணை வைத்துத்தான் தருகிறது. அப்படியே ஓட்டினால் சர்பத்துக்குப் பதிலாக உருண்டை உருண்டையாக ஏதோ விழும். எரிச்சலில் 512 என்று மாற்றினால் கணினி மணிக்கணக்கில் முனகிவிட்டு நின்றுபோகும். இரண்டுக்கும் நடுவில் எந்த எண் சரி என்று கேட்டால், பழகியவர்கள்கூட "128 போட்டுப் பாருங்க" என்று பழக்கத்தில் சொல்வார்கள். அந்த எண்ணை ஊகிக்கத் தேவையில்லை, ஸ்கேலை வைத்து அளந்தே கண்டுபிடிக்கலாம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 2020 பிப்ரவரியில் வந்த 2.82 பதிப்பிலிருந்து பிளெண்டரின் திரவக் கணக்கை மான்டாஃப்ளோ என்ற நிரல் கவனித்துக்கொள்கிறது. சூரிச்சில் உள்ள இ.டி.எச். பல்கலைக்கழகத்தில் 2009இல் தொடங்கி, பிறகு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த நிரல் இது. அது பின்பற்றும் வழிமுறையின் பெயர் ஃபிளிப். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1986இல் இதை வகுத்தவர்கள் விளம்பரக்காரர்கள் அல்லர், இயற்பியலாளர்கள். இந்த முறையில் திரவம் ஆயிரக்கணக்கான துகள்களாக நகர்கிறது. ஆனால் அழுத்தம் எவ்வளவு, எந்தப் பக்கம் தள்ளும் என்ற கணக்கு துகள்களில் நடப்பதில்லை. இடம் முழுவதையும் சிறு சிறு கனச்சதுரக் கட்டங்களாகப் பிரித்து, அந்தக் கட்டங்களில்தான் நடக்கிறது. கணக்கு நோட்டில் முழுக் கட்டங்களை மட்டுமே நிரப்பி ஒரு வட்டம் வரையச் சொன்னால் எப்படி இருக்கும்? மூன்று கட்ட அகலத்தில் வட்டம் வராது, பத்துக் கட்டம் கிடைத்தால் ஓரளவு வட்டமாகத் தெரியும். திரவத்துக்கும் அதே நிலைமைதான்.

Resolution Divisions என்பது இந்தக் கட்டங்களின் எண்ணிக்கை. மொத்த எண்ணிக்கை அல்ல, கணக்கு நடக்கும் பெட்டியின் மிக நீளமான பக்கத்தில் எத்தனை கட்டம் என்பது மட்டும். ஆகவே அந்தப் பக்கத்தின் நீளத்தை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு கட்டத்தின் அளவு கிடைத்துவிடும். பெட்டியின் மூலையில் பிளெண்டரே ஒரு கட்டத்தைச் சின்னக் கனச்சதுரமாக வரைந்து காட்டும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

இனி அளவுகளோடு ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் கலந்து தயாரான நன்னாரி சர்பத், 12 செ.மீ. உயரமுள்ள கண்ணாடித் தம்ளர். உள் விட்டம் 6 செ.மீ., சுவரின் தடிமன் 3 மி.மீ., அடிப்பகுதியின் தடிமன் 1 செ.மீ. மேசையிலிருந்து 16 செ.மீ. உயரத்தில், 1 செ.மீ. தடிமனுள்ள தாரையாகச் சர்பத் இறங்கத் தொடங்குகிறது.

இதற்கு முதலில் ஒரு பெட்டி வேண்டும். சாதாரணக் கியூப் ஒன்றைச் சேர்த்து, Physics பகுதியில் Fluid என்பதைத் தேர்ந்து, Type என்ற இடத்தில் Domain, அதன் கீழ் Liquid என்று கொடுத்தால் அது திரவத்தின் உலகமாகிவிடும். அதன் எல்லைக்கு வெளியே திரவம் கிடையாது. எங்கள் காட்சிக்கு 9 செ.மீ. அகலம், 9 செ.மீ. ஆழம், 20 செ.மீ. உயரம் போதும். அளவை மாற்றிய பிறகு Ctrl+A அழுத்தி Scale என்பதைத் தேர்ந்து அளவை உறுதி செய்துவிட வேண்டும்.

பெட்டியைத் தாராளமாகப் போடுவதுதான் முதல் வீண் செலவு. உயரம் 20 செ.மீ., Resolution 128 என்றால் நாம் சொன்ன ஒல்லியான பெட்டியில் சுமார் 4.3 லட்சம் கட்டங்கள் வரும். அதே உயரத்தில் நாலா பக்கமும் 20 செ.மீ. உள்ள பெட்டி போட்டால் கட்டங்கள் 21 லட்சம். கட்டத்தின் அளவு இரண்டிலும் ஒன்றுதான், தாரையின் அழகிலும் வித்தியாசம் இருக்காது. தம்ளரைச் சுற்றியுள்ள வெறும் காற்றுக்காக ஐந்து மடங்கு நினைவகம் போகிறது.

உயரத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஊற்றும் குடுவையும் உள்ளே இருக்கட்டும் என்று பெட்டியை 40 செ.மீ. ஆக்கினால், அதே 128இல் ஒவ்வொரு கட்டமும் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். சர்பத் கட்டி கட்டியாகும், காரணம் மட்டும் தெரியாது. குடுவை பெட்டிக்குள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதன் வாய்க்கு நேர் கீழே, பெட்டிக்குள் ஒரு சின்ன உருளை இருந்தால் போதும், திரவம் அதிலிருந்து பிறக்கும். குடுவை வெறும் படமாக மேலே சாய்ந்து நிற்கட்டும்.

அந்த உருளைக்கு Type என்பதில் Flow, Flow Type என்பதில் Liquid, Flow Behavior என்பதில் Inflow. Geometry என்று விட்டுவிட்டால் முதல் பிரேமில் உருளையளவு சர்பத் ஒரே சொட்டாக விழுந்து முடிந்துவிடும். "ஒரு சொட்டுதான் வருது" என்று புலம்புகிறவர்களின் காட்சியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். Initial Velocity என்பதை இயக்கி, Z திசையில் -1 கொடுத்தால் தாரை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கீழே கிளம்பும்.

இப்போது எண்ணுக்கு வருவோம். தாரை 1 செ.மீ. தடிமன் என்று சொன்னோம். அது கிளம்பும் இடத்தில்தான் அப்படி. கீழே விழ விழ வேகம் கூடும், வேகம் கூடினால் தாரை மெலியும். குழாயில் மெதுவாகத் தண்ணீர் திறந்துவிட்டுப் பார்த்தாலே தெரியும். நம் சர்பத் தம்ளரின் அடியைத் தொடும்போது 15 செ.மீ. விழுந்திருக்கும். அதற்குள் அதன் வேகம் நொடிக்கு 1 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டராகிவிடும். வேகம் இரட்டித்தால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும், விட்டம் 10 மி.மீ.யிலிருந்து 7 மி.மீ.க்கு இறங்கும். காட்சியில் மிக மெல்லிய பகுதி இந்த 7 மி.மீ.தான். எண்ணைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான்.

Resolution 32 என்றால் ஒரு கட்டம் 6.25 மி.மீ. தாரையின் குறுக்கே ஒரே ஒரு கட்டம்தான், உருண்டையாக விழுந்தது ஏன் என்று இப்போது புரியும். 64இல் ஒரு கட்டம் 3.1 மி.மீ., தாரைக்குக் குறுக்கே இரண்டு சொச்சம். மேலே தாரையாகத் தெரியும், கீழே அறுந்து மணி மணியாகும். 128இல் 1.56 மி.மீ., அதாவது தாரையின் மெல்லிய இடத்திலும் நாலரைக் கட்டம். இங்கேதான் தாரை தாரையாகவே அடிவரை இறங்குகிறது. மெல்லிய இடத்தில் குறைந்தது நான்கு கட்டமாவது வேண்டும் என்பது என் கணக்கு. அதற்குக் கீழே எந்த அமைப்பை மாற்றினாலும் தாரை தாங்காது. 256இல் ஒன்பது கட்டம் வரும், தெறிப்பும் சுழிப்பும் நுணுக்கமாகும். அது தேவையா என்பது கேமரா எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தேவையா என்று கேட்கக் காரணம் செலவு. எண்ணை இரட்டித்தால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் கட்டம் இரட்டிக்கும். ஆக மொத்தம் எட்டு மடங்கு. 128இல் 4.3 லட்சமாக இருந்தது 256இல் 34 லட்சமாகும், 512இல் 2.7 கோடியாகும். தவிர, கட்டம் சிறிதானால் திரவம் ஒரே பிரேமில் அதிகக் கட்டங்களைத் தாண்டும். அதைச் சமாளிக்கக் காலத்தையும் நுணுக்கமாகக் கூறு போட வேண்டியிருக்கும், அப்போது செலவு பதினாறு மடங்குவரை போகும். தோராயமாகச் சொன்னால், 64இல் மூன்று நிமிடம் ஆகும் வேலை 128இல் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். 256இல் மூன்று மணியில் முடிந்தாலும் முடியலாம், இரவு முழுக்க ஓடினாலும் ஓடலாம். சோதனையெல்லாம் 64இல் செய்து, இறுதியாக ஒரே ஒரு முறை 128இல் ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்து தம்ளர். அழகாக வரைந்த கண்ணாடித் தம்ளரையே எடுத்து Effector என்று வைத்துவிடத் தோன்றும். வைத்தால் சர்பத் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், அல்லது தம்ளர் நிறையவே நிறையாது. சுவர் 3 மி.மீ., 128இல் அது வெறும் இரண்டு கட்டம். 64இல் ஒன்றுகூட இல்லை. அவ்வளவு மெல்லிய சுவரைக் கணக்கு சரியாகப் பார்ப்பதில்லை.

வேகமும் சேர்ந்துகொள்கிறது. நொடிக்கு 24 பிரேம் என்றால், 2 மீட்டர் வேகத்தில் வரும் சர்பத் ஒரு பிரேமுக்குள் 8.3 செ.மீ. நகர்கிறது. இதை மான்டாஃப்ளோ சில படிகளாகப் பிரித்துக்கொள்ளும். Timesteps Maximum என்ற இடத்தில் அதன் உச்ச வரம்பு 4 என்று இருக்கும். நான்காகப் பிரித்தாலும் படிக்கு 2 செ.மீ. பாய்ச்சல், தம்ளரின் அடியோ 1 செ.மீ. ஒரு துகள் அடிக்கு மேலே இருந்து அடுத்த படியில் அடிக்குக் கீழே போய்விட வாய்ப்பிருக்கிறது. வரம்பை 10 ஆக்கினால் பாய்ச்சல் சுமார் 8.3 மி.மீ.க்குக் குறையும். இந்தப் படிகளும் நேரத்தைத் தின்னும் என்றாலும், கசிகிற தம்ளரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சுவருக்கான வைத்தியம், மோதலுக்கென்று தனியாக ஒரு தம்ளர் செய்வது. வரைந்த தம்ளரை நகலெடுத்து, அதன் உள்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, Solidify மாடிஃபயர் மூலம் வெளிப்பக்கமாக 1 செ.மீ. தடிமன் கொடுங்கள். அடிப்பகுதி கீழ்நோக்கித் தடிப்பதால் பெட்டியின் தரையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முரட்டுத் தம்ளருக்குத்தான் Effector, அதில் Collision. ரெண்டரில் இது தெரியாதபடி மறைத்துவிடலாம். பார்ப்பவருக்கு 3 மி.மீ. கண்ணாடி தெரியும், சர்பத் மோதுவது 1 செ.மீ. சுவரில். பெட்டியின் Border Collisions பகுதியில் Bottom இயக்கத்திலேயே இருக்கட்டும். எங்காவது கசிந்தால் சர்பத் பெட்டியின் தரையில் தேங்கி நிற்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும்.

இந்த இரண்டாவது தம்ளரால் இன்னொரு பயனும் உண்டு. மான்டாஃப்ளோவில் திரவத்தின் மேற்பரப்பு சுவரை ஒட்டி நிற்காது, ஏறக்குறைய ஒரு கட்ட அளவுக்கு இடைவெளி விட்டு நிற்கும். பீங்கான் கோப்பை என்றால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கண்ணாடியில் அது காற்றுப் படலமாக மின்னி, சர்பத் தம்ளருக்குள் ஒரு ஜெல்லிக் கட்டிபோல் மிதப்பதாகக் காட்டும். ரெண்டரில் "ஏதோ பொய்யா இருக்கு" என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். மோதல் தம்ளரின் உள் ஆரத்தை, கண்ணாடியின் உள் ஆரத்தைவிட ஒரு கட்ட அளவு பெரிதாக்குங்கள். நம் கணக்கில் 30 மி.மீ.க்குப் பதில் சுமார் 31.5 மி.மீ. சர்பத்தின் விளிம்பு கண்ணாடிச் சுவருக்குள் அரை மில்லிமீட்டர் அளவுக்குப் புதைந்திருக்க வேண்டும், அப்போதுதான் ஒளி சரியாக வளையும். கட்டத்தின் அளவு மாறினால் இந்த இடைவெளியும் மாறும். அதனால் 64இல் சரிசெய்ததை 128இல் ஒரு முறை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். பெட்டியின் Liquid பகுதியில் Fractional Obstacles என்பதையும் இயக்கிவிடுங்கள். வளைந்த சுவரில் சர்பத் படிக்கட்டில் இறங்குவதுபோல் தடுக்காமல் வழுக்கிச் செல்ல அது உதவும்.

எப்போது ஊற்றுவதை நிறுத்துவது? இதற்கும் பள்ளிக்கூடக் கணக்கு போதும். தம்ளரில் 9 செ.மீ. உயரத்துக்கு நிரப்ப 250 மி.லி. சொச்சம் வேண்டும். 1 செ.மீ. தாரை, நொடிக்கு 1 மீட்டர் என்றால் நொடிக்கு 78 மி.லி. வரும். ஆக 3.2 நொடி, அதாவது சுமார் 77 பிரேம். உருளையின் Use Flow என்பதற்கு 1ஆம் பிரேமில் டிக் போட்டு, அதன்மேல் சுட்டியை வைத்து I அழுத்தி கீஃபிரேம் பதியுங்கள். 77ஆம் பிரேமில் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி I. கணக்கில் வந்த அளவும் தம்ளரில் வந்த அளவும் அப்படியே பொருந்தாது. 64 சோதனையில் மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பிரேமை முன்பின் நகர்த்திக்கொள்ளலாம்.

இங்கே அளவுகள் எல்லாவற்றையும் உண்மை அளவில் சொன்னேன். தம்ளரைப் பத்து மடங்கு பெரிதாக வரைந்துவிட்டு, சர்பத் அணைக்கட்டிலிருந்து விழுவதுபோல் மெதுவாக விழுகிறதே என்று குழம்புகிறவர்கள் நிறைய. குழப்பத்துக்கு இடமில்லை. 1.5 மீட்டர் விழ, 15 செ.மீ. விழுவதைவிட மூன்று மடங்குக்குச் சற்று அதிக நேரம் ஆகும். பெரிதாக வரைந்துதான் ஆக வேண்டும் என்றால் Time Scale என்பதை 3.16 ஆக்கி, தொடக்க வேகத்தையும் அதே அளவு கூட்டிக்கொள்ளுங்கள்.

பாகுத்தன்மையைத் தொட வேண்டாம், கலந்த சர்பத் தண்ணீர்போலத்தான் ஓடும். கலக்காத நன்னாரிப் பாகை ஊற்றிக் காட்டுவது வேறு வேலை. அதற்கு 2.92 பதிப்பிலிருந்து தனியே ஒரு கணக்குமுறை இருக்கிறது.

பேக் செய்வதற்கு முன் .blend கோப்பைச் சேமித்துவிடுங்கள். சேமிக்காவிட்டால் கணக்கின் விளைவுகள் தற்காலிக அடைவில் போய் விழும், கணினியை மூடித் திறந்தால் கிடைக்காமல் போகலாம். Cache பகுதியில் Type என்பதை Replay இலிருந்து Modular ஆக மாற்றுங்கள். அங்கேயே கடைசிப் பிரேம் 250 என்று இருக்கும். நமக்கு ஊற்றி முடிந்து அலை அடங்க 140 போதும். காட்சியின் கடைசிப் பிரேமை மாற்றினால் இது தானாக மாறாது, இங்கே தனியாக மாற்ற வேண்டும். Is Resumable என்பதற்கு டிக் போட்டால், பாதியில் நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மின்சாரம் போய்வரும் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

Modular முறையில் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். Bake Data துகள்களை ஓட்டும், அதிக நேரம் எடுப்பது அதுதான். பிறகு Mesh பகுதியை இயக்கி Bake Mesh கொடுத்தால் துகள்களின் மேல் தோல் போர்த்தியதுபோல் மேற்பரப்பு உருவாகும். இந்தப் பிரிவினை நம் பணத்தைக் காப்பாற்றும் இடம். தாரை ஒழுங்காக இறங்குகிறது, ஆனால் மேற்பரப்பு மட்டும் சொரசொரப்பாக இருக்கிறது என்றால் Resolution மீது கை வைக்க வேண்டாம். Mesh பகுதியில் Upres Factor 2 என்று இருப்பதை 3 ஆக்கி, மேற்பரப்பை மட்டும் மறுபடி பேக் செய்தால் போதும். குழி குழியாக இருந்தால் அங்கே உள்ள Particle Radius என்பதைச் சற்றுக் கூட்டலாம். அளவு மீறிக் கூட்டினால் தாரை தடித்துத் தம்ளரில் மட்டமும் ஏறும். மாறாக, தாரையே அறுகிறது, சர்பத் கசிகிறது என்றால் மேற்பரப்பில் எதைச் செய்தாலும் தீராது. துகள் கணக்குக்குத்தான் திரும்ப வேண்டும், Free Data கொடுத்துப் பழையதை அழித்துவிட்டு.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். முழுத் தம்ளரும் தெரியும் இந்தக் காட்சிக்கு 128, Upres Factor 2. தாரை மோதும் இடத்தை மட்டும் திரை முழுக்கக் காட்டுவதாக இருந்தால் 256 நியாயமானது. 512 வேண்டும் என்று தோன்றினால் அதற்கு முன் பெட்டியைச் சுருக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

மேற்பரப்பு வந்ததும் Shade Smooth கொடுத்து, பொருளின் ஒளிவிலகல் எண்ணைச் சர்பத்துக்கு 1.33, கண்ணாடிக்கு 1.5 என்று வைத்து சைக்கிள்ஸில் ரெண்டர் செய்யலாம். வேறு கணினியில் ரெண்டர் செய்வதாக இருந்தால் .blend கோப்போடு cache அடைவையும் சேர்த்தே நகலெடுங்கள். சர்பத் இருப்பது அந்த அடைவில்தான். அதை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் கொண்டுபோனால் ரெண்டரில் தம்ளர் காலியாகத்தான் வரும்.